ரத்தம் கிடைத்துவிட்டது, இனிப் பகிர வேண்டாம்: ரத்த தானக் குழுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

"அவசரமாக ரத்தம் தேவை" என்ற செய்திகளை வாங்கி, நாலு இடத்துக்கு அனுப்பி வைக்கும் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை இரவு பதினொன்றே முக்காலுக்கு எனக்கு ஓர் அழைப்பு வந்தது. அறிமுகமில்லாத குரல். "சார், பி பாசிட்டிவ் வேணும்னு மெசேஜ் பார்த்தேன். கிளம்பிட்டேன், அரை மணி நேரத்துல வந்துடுவேன். எந்த வார்டு?" என்று கேட்டார். அவர் பார்த்த செய்தி நான் எழுதியதுதான். எழுதிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. யாருக்காக எழுதினேனோ அந்த என் அக்கா மகன் அப்போது பக்கத்து அறையில் படம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். "அவர் நல்லா இருக்காருல்ல, அது போதும் சார்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு சங்கடப்பட்டிருக்க மாட்டேன்.

இந்த மாதிரி இதுவரை எத்தனை அழைப்புகள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். தவறு கூப்பிட்டவர்களுடையது அல்ல, என்னுடையது. கொஞ்சம் உங்களுடையதும்கூட. அதைப் பேசத்தான் இந்த மடல்.

முதலில் என் தவறு. அவனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து கீமோ தொடங்கிய பத்தாம் நாள், பிளேட்லெட் எண்ணிக்கை 9,000க்கு இறங்கிவிட்டது. ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய அணுக்கள் அவை. பத்தாயிரத்துக்குக் கீழே போனால், எங்கும் ரத்தம் கசியாவிட்டாலும் பிளேட்லெட் ஏற்றுவதுதான் இத்தகைய நோயாளிகளுக்கு வழக்கம். டாக்டர் படிவத்தில் எழுதிக் கொடுத்தார். நான் அதைப் படிக்கவே இல்லை. "ரத்தம்" என்ற ஒரே சொல்தான் மண்டையில் ஏறியது. வார்டு வராந்தாவில் நின்றபடியே எழுதினேன்: "மிக மிக அவசரம்! உயிருக்குப் போராடும் 19 வயது இளைஞனுக்கு பி பாசிட்டிவ் ரத்தம் உடனடியாகத் தேவை. அதிகபட்சம் பகிரவும்." கீழே மருத்துவமனையின் பெயர், என் எண். மேலே மஞ்சள் சட்டையில் அவன் படம். எல்லாவற்றையும் ஒரே படமாக்கி ஆறு குழுக்களில் போட்டேன். தேதி போடவில்லை. எத்தனை யூனிட் என்று போடவில்லை. "உடனடியாக" என்று எழுதியிருந்தேன், அந்தச் சொல்லுக்குக் காலாவதியே கிடையாது என்பது பின்னால்தான் உறைத்தது.

இரண்டு மணி நேரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட அழைப்புகள். போனை எடுத்துப் பேசுவதிலேயே நர்ஸ் சொன்ன இரண்டு விஷயங்களைத் தவறவிட்டேன். இரவு எட்டு மணிக்கு ரத்த வங்கி வாசலில் பதினான்கு பேர் வந்து நின்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ரத்த வங்கி டாக்டர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு அழுகை வரவில்லை. "எதுக்கு இவ்வளவு பேரைக் கூப்பிட்டீங்க? எனக்கு ஒரு ஆள் போதும்" என்றார்.

அப்புறம் அவர் உட்கார வைத்துச் சொன்னதைத்தான் ஒவ்வொரு குழுப் பொறுப்பாளரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இவனுக்குத் தேவைப்பட்டது முழு ரத்தம் அல்ல. கொடையாளரை எந்திரத்தோடு இணைத்து, பிளேட்லெட்டை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு, மீதி ரத்தத்தை அவர் உடம்புக்கே திருப்பி அனுப்பும் முறை அது. அஃபெரிசிஸ் என்கிறார்கள். ஓர் ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் வரை ஆகும், எந்திரங்களோ இரண்டுதான். சாதாரணமாகக் கொடுக்கும் ரத்தத்திலிருந்தும் பிளேட்லெட்டைப் பிரிக்கலாம், ஆனால் ஐந்தாறு பேருடையதைச் சேர்த்தால்தான் எந்திரத்தில் ஒருவர் தருவதற்குச் சமமாகும்.

எடுத்தவுடன் ஏற்றிவிடவும் முடியாது. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிஃபிலிஸ் பரிசோதனைகள் முடிய வேண்டும். அதற்குச் சில மணி நேரம் ஆகும். அன்றிரவு அவனுக்கு ஏறிய பிளேட்லெட் எங்கிருந்து வந்தது தெரியுமா? நான் கூட்டி வந்த பதினான்கு பேரில் யாருடையதும் அல்ல. யாரோ முந்தின நாளே கொடுத்து, ரத்த வங்கியில் தயாராக இருந்தது. நம் செய்தியைப் பார்த்து ஓடி வருகிறவர் பெரும்பாலும் இன்றைய நோயாளியைக் காப்பாற்ற வருவதில்லை. இன்று எடுத்துக்கொண்டதை ஈடு செய்யவோ, நாளைய தேவைக்கோதான் வருகிறார். இது புரிந்துவிட்டால் "பத்து நிமிடத்தில் ரத்தம் தேவை" என்ற வரியை நாம் எழுதவே மாட்டோம்.

சரி, பதினான்கு பேர் என்ன ஆனார்கள்? இரண்டு பேருக்கு பி பாசிட்டிவே இல்லை, பள்ளிக்கூட அடையாள அட்டையில் எப்போதோ எழுதியதை நம்பி வந்திருந்தார்கள். ஒருவர் முந்தின நாள் தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்டிருந்தார், அது பிளேட்லெட்டின் வேலையைக் கெடுத்துவிடும். ஒருவருக்கு எண்ணிக்கையே ஒன்றரை லட்சத்துக்குக் கீழே. ஒருவருக்கு ஊசி நிற்கும் அளவுக்கு நரம்பு கிடைக்கவில்லை. மீதி ஒன்பது பேர். அவர்களில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, ஒருவரை அன்றைக்கும் இன்னொருவரை மறுநாளைக்கும் வைத்துக்கொண்டார்கள்.

நான் செய்த பெரிய தவறு அதற்கடுத்துத்தான் நடந்தது. ஏழு பேரை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அவர்களுக்கும் வந்ததற்கு ஏதாவது செய்துவிட்டுப் போக வேண்டும் என்றிருந்தது. ஐந்து பேர் முழு ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ரத்த வங்கிக்கு அது உபயோகம்தான், மறுக்கவில்லை. ஆனால் முழு ரத்தம் கொடுத்தவர் அதன் பிறகு பல வாரங்களுக்குப் பிளேட்லெட் கொடுக்க முடியாது. எத்தனை வாரம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், காத்திருக்க வேண்டும் என்பது எங்கும் மாறாது. ஏற்றிய பிளேட்லெட்டோ இரண்டு மூன்று நாளில் கரைந்துவிடும். நான்காம் நாள் எண்ணிக்கை மறுபடி 11,000. ஏழு பேரையும் கூப்பிட்டேன். ஐந்து பேரால் கொடுக்க முடியாது. ஒருவர் வெளியூரில். ஒருவர் போனை எடுக்கவில்லை. வாசலில் கூட்டம் நின்ற இடத்தில் நான்கே நாளில் ஆளில்லை. பிளேட்லெட்டைச் சேர்த்து வைக்கவும் முடியாது. 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் வைத்தாலும் பெரும்பாலான இடங்களில் ஐந்து நாள்தான் ஆயுள்.

"நீங்க தாய்மாமன், உங்களுக்கும் பி பாசிட்டிவ்தானே, நீங்க கொடுக்கலாமே?" என்று நிறையப் பேர் கேட்டார்கள். நானும் கேட்டேன். ரத்த சொந்தங்களிடம் எடுத்தால் அந்தப் பையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தித்தான் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் நம் வெள்ளணுக்கள் நோயாளியின் உடம்பையே தாக்கும் அபாயம் உண்டு, பின்னால் எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்படலாம் என்பதால் சொந்தங்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் என்றார்கள். இதை இங்கே சொல்லக் காரணம், "சொந்தக்காரர்களே கொடுக்காமல் ஊரைக் கேட்கிறார்களே, இது பொய்ச் செய்தியோ" என்று ஒரு குழுவில் எங்களைப் பற்றி எழுதியிருந்தார்கள்.

எங்களுக்குத் தேவை கூட்டம் அல்ல, வரிசை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. இரண்டாவது செய்தியை உட்கார்ந்து நிதானமாக எழுதினேன். ரத்த வங்கி டாக்டரிடம் காட்டி, அவர் இரண்டு வரி திருத்திய பிறகுதான் அனுப்பினேன். எண்களையும் பெயர்களையும் எடுத்துவிட்டு அப்படியே தருகிறேன்:

"14.03.2025 வெள்ளிக்கிழமைக்கு மட்டுமான கோரிக்கை. அன்று காலை 9 மணியோடு இது காலாவதி. பி பாசிட்டிவ். எந்திரம் வழியாக எடுக்கும் பிளேட்லெட் மட்டும், முழு ரத்தம் வேண்டாம். தேவை ஒருவர், அவரால் முடியாமல் போனால் மாற்றாக இன்னொருவர். மருத்துவமனை, ரத்த வங்கி இருக்கும் தளம் (…). பரிசோதனையும் சேர்த்து நான்கு மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். கடந்த மூன்று நாட்களில் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது, வேறு மாத்திரை எது சாப்பிட்டிருந்தாலும் முன்கூட்டியே சொல்லவும். நோயாளியின் மருத்துவமனை எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் (…). ரத்த வங்கியில் பேசி உறுதி செய்தவர் (…), 12.03.2025 மாலை 5 மணிக்கு. நேராகக் கிளம்பி வர வேண்டாம், முதலில் இந்த எண்ணுக்கு (…) செய்தி அனுப்பிப் பதில் வந்த பிறகு வாருங்கள். நாங்கள் யாரிடமும் பணம் கேட்கவில்லை, யாருக்கும் பணம் தருவதும் இல்லை. ஆள் கிடைத்ததும் இதே குழுவில் 'முடிந்தது' என்று போடுவோம். அதன் பிறகும், மேலே உள்ள நேரத்துக்குப் பிறகும் பகிர வேண்டாம்."

உயிருக்குப் போராடும் என்ற வரி இதில் இல்லை. படமும் இல்லை, நோயின் பெயரும் இல்லை. ஆனாலும் அன்று மாலை ஏழு இருபதுக்கெல்லாம் இரண்டு பேர் உறுதியாகிவிட்டார்கள். மொத்தம் ஒன்பது பேர் செய்தி அனுப்பினார்கள். மீதி ஏழு பேரிடம், "இப்போது வேண்டாம், உங்கள் பெயரைக் குறித்துக்கொள்ளலாமா, அடுத்த வாரம் தேவைப்படும், அதுவரை வேறெங்கும் ரத்தம் கொடுக்காமல் இருக்க முடியுமா?" என்று கேட்டேன். ஆறு பேர் சரி என்றார்கள். அந்த மாதம் முழுக்க எட்டு முறை பிளேட்லெட் ஏறியது. இந்தச் செய்திக்குப் பிறகு புதிதாக ஒரு செய்திகூட அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

இந்தச் செய்தியில் எல்லாவற்றையும்விட முக்கியம், காலாவதி நேரம் முதல் வரியிலேயே இருப்பது. கடைசியில் மட்டும் போட்டால், "மேலும் படிக்க" என்பதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். நகலெடுத்து ஒட்டுகிறவர்கள் கடைசி வரிகளைத்தான் முதலில் வெட்டுவார்கள். அதனால் மேலேயும் கீழேயும் இருக்கட்டும். "இன்று", "நாளை காலை" என்ற சொற்கள் கூடவே கூடாது, அவை படிக்கிற நாளோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே போகும். ஆண்டும் சேர்த்துப் போடுங்கள், மார்ச் 14 ஒவ்வொரு வருடமும் வரும். படமாகவும் போடாதீர்கள். எழுத்தாக இருந்தால்தான் பெறுகிறவர் அதிலிருந்து ஒரு சொல்லை எடுத்துத் தேடிப் பார்க்க முடியும், எண்ணைத் தொட்டுக் கூப்பிட முடியும், அனுப்புவதற்கு முன் "முடிந்தது" என்று மேலே ஒரு வரி சேர்க்கவும் முடியும்.

அடுத்தது, "உறுதி செய்யப்பட்டது" என்ற முத்திரை. இதில் உங்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. என் முதல் செய்தி மூன்றாவது கைக்குப் போனபோதே, அதன் தலையில் "உறுதி செய்யப்பட்ட செய்தி" என்று யாரோ சேர்த்துவிட்டார்கள். என்னிடம் எந்தக் குழுவிலிருந்தும் ஒருவரும் எதையும் கேட்கவில்லை. யார், எப்போது, யாரிடம் பேசி உறுதி செய்தார்கள் என்பது இல்லாவிட்டால் அந்த முத்திரைக்குப் பொருளே இல்லை, அது பாட்டுக்குச் செய்தியோடு ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் ஊர் சுற்றும்.

உறுதி செய்வது அப்படி ஒன்றும் பெரிய வேலை இல்லை, பத்து நிமிடம் ஆகும். கேட்கிறவரிடம் டாக்டர் கொடுத்த ரத்தக் கோரிக்கைப் படிவத்தின் படத்தை வாங்கிப் பாருங்கள். தேதி, ரத்த வகை, ரத்தத்தின் எந்தக் கூறு, எத்தனை யூனிட், நோயாளியின் மருத்துவமனை எண் எல்லாம் அதில் இருக்கும். பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள், குழுவில் போடாதீர்கள். பிறகு ரத்த வங்கிக்குப் பேசுங்கள். செய்தியில் இருக்கும் எண்ணுக்கு அல்ல, மருத்துவமனையின் பொது எண்ணை நீங்களே தேடி எடுத்து, அங்கிருந்து ரத்த வங்கிக்கு இணைக்கச் சொல்லிப் பேசுங்கள். நோயாளியைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. "இந்த எண்ணுள்ள கோரிக்கைக்கு இந்த வகையில் கொடையாளர் இன்னும் தேவையா, எத்தனை பேர், எந்த நேரத்தில் வர வேண்டும்?" என்று மட்டும் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், நோயாளியோடு இருப்பவரை ரத்த வங்கிக்குப் போகச் சொல்லி, அங்குள்ளவரை அந்த போனிலேயே பேச வைக்கலாம். எங்கள் விஷயத்தில் யாராவது இதைச் செய்திருந்தால், "ஒரு ஆள் போதும், அதுவும் பிளேட்லெட்" என்பது முதல் நாளே தெரிந்திருக்கும். ஆகவே உறுதி செய்வது மோசடியைப் பிடிக்க மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். என்னைப் போல உண்மையான தேவையைத் தப்பாக எழுதியவனையும் அது திருத்தும்.

மோசடியும் எங்களைத் தேடி வந்தது. முதல் செய்தியைப் பார்த்து ஒருவர் கூப்பிட்டு, தானும் நண்பரும் கொடுக்கத் தயார், வண்டிச் செலவுக்கு மட்டும் முன்னால் பணம் அனுப்புங்கள் என்றார். அக்கா அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த எண் எடுக்கவே இல்லை. அதனால்தான் இரண்டாவது செய்தியில் பணத்தைப் பற்றிய வரி. நோயாளியின் மருத்துவமனை எண்ணில் கடைசி நான்கு இலக்கங்களை அதில் போட்டு, கூப்பிடுகிறவர்களிடம் அதைக் கேட்டது, அவர்கள் எந்தச் செய்தியைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரிவதற்காக.

கடைசியாக, முடித்து வைப்பது. ஆள் கிடைத்த நிமிடம் நிம்மதியில் எல்லாவற்றையும் மறந்துவிடுவோம், அதுதான் இயல்பு. அதனால் இந்த வேலையை நோயாளியோடு இருப்பவரிடம் விடாதீர்கள். செய்தியில் வார்டில் ஓடிக்கொண்டிருப்பவரின் எண் இருக்க வேண்டியதில்லை, வெளியே இருக்கும் ஒரு நண்பரின் எண் போதும். இரண்டாவது முறை என் நண்பர்தான் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். முடிந்ததும், தானே போட்ட செய்திகளை ஆறு குழுக்களிலும் "எல்லோருக்கும் அழி" என்று அழித்தார். அழிப்பதற்கு முன் அந்தச் செய்திக்கு மறுமொழியாகவே "முடிந்தது, நன்றி, பகிர வேண்டாம்" என்று போட்டார். அழித்தால் நம் செய்திதான் போகும், அதற்குள் பிறர் முன்னனுப்பிய நகல்கள் போகாது. அவற்றுக்காக இரண்டு வேலை செய்தார். அந்த எண்ணின் வாட்ஸ்அப் முகப்புப் படத்தையே "14.03.2025 தேவை முடிந்தது" என்ற எழுத்தாக மாற்றினார். கிளம்புவதற்கு முன் செய்தி அனுப்ப அந்த எண்ணைத் திறக்கிறவர் கண்ணில் முதலில் அதுதான் படும். அப்படியும் கூப்பிட்டவர்களிடம் நன்றி சொல்லிவிட்டு ஓர் உதவி கேட்டார்: "உங்களுக்கு இதை யார் அனுப்பினாரோ, அவருக்கு மட்டும் 'முடிந்தது' என்று அனுப்பி, அவருக்கு அனுப்பியவரிடமும் சொல்லச் சொல்லுங்கள்." செய்தி வந்த வழியிலேயே அது திரும்பிப் போயிற்று. மூன்று நாளில் அழைப்புகள் நின்றுவிட்டன. முதல் செய்திக்கு இன்றும் நிற்கவில்லை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். காலாவதி நேரம் இல்லாத செய்தியைக் குழுவில் அனுமதிக்காதீர்கள். உறுதி செய்தவர் பெயரும் நேரமும் இல்லாததையும் அனுமதிக்காதீர்கள். காலாவதி நேரம் தாண்டியும் "முடிந்தது" வரவில்லையென்றால், போட்டவரைக் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் நீங்களே அழித்துவிடுங்கள். இன்னும் தேவை இருந்தால் அவர்கள் புதுத் தேதியோடு வருவார்கள்.

மஞ்சள் சட்டை இளைஞனின் படத்தோடு, "மிக மிக அவசரம்" என்று தொடங்கும் செய்தி உங்களில் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். போன மாதம் அது அவனுடைய கல்லூரி வகுப்புக் குழுவுக்கே போயிருக்கிறது. அதன் கீழே அவன் எழுதிய பதிலை எனக்கு அனுப்பி வைத்தான்: "படத்தில் இருப்பது நான்தான். போன வாரப் பரிசோதனையில் பிளேட்லெட் 2,10,000. போராட்டம் இப்போது அரியரோடு மட்டும். பகிர்வதை நிறுத்தவும்."

இப்படிக்கு,
அந்த இளைஞனின் தாய்மாமன்